நிழற்படத்தில் புதிய வானம்: முன் நிற்பவரை மாற்றாமல் இணைக்கும் முறை

நிலக்காட்சிகளை நிழற்படம் எடுப்போர் தொடக்க காலம் முதலே ஓர் இடர்ப்பாட்டைக் கண்டு வந்துள்ளனர். நிலம் தெளிவாகப் பதியுமாறு ஒளியளவை அமைத்தால் வானம் வெளிறிப் போகிறது. வானத்திற்கு ஏற்ப அமைத்தால் நிலமும் அதன் மேல் நிற்கும் மனிதரும் இருண்டு விடுகின்றனர். 1850-களில் வழங்கிய கொலோடியன் தட்டுகள் நீல ஒளியால் மிகுதியாகத் தாக்கப்படுவன; ஆதலால் அவற்றில் நிலத்தோடு முகிலும் சேர்ந்து பதிவது அரிதாயிற்று. அக்காலத்தில் பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே என்பவர், தம் கடற்காட்சிகள் சிலவற்றுக்குக் கடலை ஒரு நெகடிவிலும் வானத்தை வேறொரு நெகடிவிலும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். கடலும் வானும் கூடும் இடம் நேர்கோடாகிய அடிவானம் ஆதலின் இணைப்பு எளிதாயிற்று.

இன்று அந்த இரண்டாவது நெகடிவின் இடத்தைக் கணிப்பொறி எடுத்துக்கொண்டுள்ளது. வேண்டிய வானத்தைச் சொற்களால் விவரித்தால் அதற்கேற்ற படத்தை ஆக்கித் தரும் மென்பொருள்கள் 2022 முதல் பரவலாகக் கிடைக்கின்றன. இக்கட்டுரையில் அத்தகைய மென்பொருளைப் படவாக்கி என்று குறிப்பிடலாம். முன்னே மனிதர் ஒருவர் நிற்கும் படத்தில் இதனைப் பயன்படுத்தும்போது சிக்கல் தோன்றுகிறது. அடிவானத்தைப் போன்று நேராக அமையாமல், தலைமுடி இழை இழையாக வானத்தினுள் நீண்டிருக்கிறது. மேலும் அவர் உண்மையான ஒருவர். அவர் முகத்தில் நாம் அறியாமல் நிகழும் சிறு மாறுதலும் அவரை வேறொருவராகக் காட்டக்கூடும். எனவே வானம் மாற வேண்டும், மனிதர் மாறக் கூடாது என்னும் இரண்டு வேண்டுகோள்களும் ஒருங்கே நிறைவேறும் முறையை இங்கு ஆராய்வோம்.

எடுத்துக்கொண்ட படம்

விதர்ப்பப் பகுதியின் கரிசல் நிலத்தில், அக்டோபர் மாதத் தொடக்கத்தில், முற்பகல் வேளையில் எடுக்கப்பட்ட படம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பருத்தி வயலோரத்து வண்டிப் பாதையில் வெள்ளைச் சேலை உடுத்த பெண்மணி ஒருவர் நிற்கிறார். படம் எடுத்தவர் ஒரு காலை மண்டியிட்டு, ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து எடுத்தமையால், அப்பெண்மணியின் இடுப்புக்கு மேற்பட்ட பகுதி முழுவதும் வானத்தின் முன்னே அமைந்திருக்கிறது. தொலைவில் வேப்ப மரங்களின் வரிசை ஒன்று தெரிகிறது. கரிய மண்ணையும் முகத்தையும் கருதி ஒளியளவு அமைக்கப்பட்டதால் வானம் வெறும் வெளிர் சாம்பலாக விளங்குகிறது. பருத்தி பறித்தலைப் பற்றிய பாடத்திற்குச் சுவர்ப்படமாக இதனை அச்சிட வேண்டும். வானத்தில் வெண்முகில்கள் இருப்பின் நன்று என்பது நோக்கம்.

படம் அகலத்தில் 6000, உயரத்தில் 4000 புள்ளிகள் கொண்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கு 0 முதல் 255 வரை மூன்று எண்கள் உள்ளன. பெண்மணியின் உருவம் 2000 புள்ளி உயரமும், முகம் மட்டும் ஏறத்தாழ 250 புள்ளி உயரமும் உடையன.

படவாக்கியிடம் முழுப்படத்தையும் ஒப்படைத்தால் நிகழ்வது

படவாக்கிகள் பலவற்றில், எப்பகுதியை மாற்ற வேண்டும் என்பதைக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றினால் குறிப்பிடலாம். இதற்கு மறைப்பு என்று பெயர் கொள்வோம். வானத்தை மட்டும் மறைப்பில் குறித்துவிட்டால் மற்றவை அப்படியே இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அவ்வெண்ணம் எப்போதும் சரியாவதில்லை.

இதன் காரணம் படவாக்கி வேலை செய்யும் விதத்தில் உள்ளது. நாம் காணும் புள்ளிகளின் மீது நேரடியாக வேலை செய்யாமல், பெரும்பாலான படவாக்கிகள் முதலில் படத்தைச் சுருக்கிய எண்களாக மாற்றிக்கொள்கின்றன. பரவலாக வழங்கும் ஒருவகையில், நீளத்தில் 8, அகலத்தில் 8 ஆகிய 64 புள்ளிகள் சேர்ந்து ஒரு கட்டமாகின்றன. அந்த 64 புள்ளிகளுக்கு உரிய 192 எண்களுக்குப் பதிலாக 4 எண்கள் மட்டுமே வைத்துக்கொள்ளப்படுகின்றன. வேலை முடிந்தபின் அந்த 4 எண்களிலிருந்து 192 எண்களும் மீண்டும் வரையப்படுகின்றன. மீண்டும் வரையப்படுபவை மூலப்படத்தை ஒத்திருக்குமே தவிர, அவையே ஆகா. மறைப்புக்கு வெளியே உள்ள பகுதியும் இவ்வாறு சுருங்கி விரிந்தே வெளிவருகிறது.

நம் எடுத்துக்காட்டில் இது எவ்வளவு தீங்கு செய்யும் என்பதைக் கணக்கிடலாம். இத்துணைப் பெரிய படத்தைப் படவாக்கி ஏற்காது. ஆகவே 1152 × 768 புள்ளிகளாகக் குறைத்துத் தருகிறோம். அப்போது முகத்தின் உயரம் 250-லிருந்து 48 புள்ளிகளாகக் குறைகிறது. எட்டுப் புள்ளிக்கு ஒரு கட்டம் என்றால், முகம் முழுவதும் உயரத்தில் 6 கட்டங்களுக்குள் அடங்கிவிடுகிறது. கண் ஒன்றுக்கு ஒரு கட்டம் கூடக் கிடைப்பதில்லை. அதிலிருந்து மீண்டும் வரையப்படும் கண் அவருடைய கண் அன்று. பொதுவாகக் கண்கள் எவ்வாறு இருக்கும் என்று கருவி கற்றதற்கேற்ப வரைந்த ஒரு கண்.

ஆதலால் முதல் விதி இவ்வாறு அமைகிறது: படவாக்கி தரும் படத்திலிருந்து வானத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மனிதரும் நிலமும் எப்போதும் மூலப்படத்திலிருந்தே வர வேண்டும். வானத்தை 1152-லிருந்து 6000 புள்ளிக்குப் பெரிதாக்கும்போது, ஐந்து மடங்குக்கு மேல் பெரிதாவதால் கூர்மை குறையும். எனினும் முகிலின் விளிம்பு இயல்பாகவே மென்மையானது ஆதலின் அக்குறை பெரிதாகத் தோன்றாது.

வானத்தை ஆக்குங்கால் செய்ய வேண்டிய மற்றொன்றும் உண்டு. வானத்தோடு மனிதரின் உருவம் முழுவதையும் மறைப்பில் சேர்த்துவிட வேண்டும். உருவத்தைப் பார்க்கும்படி விட்டுவிட்டால், அவர் தலையைச் சுற்றிப் படவாக்கி வெளிர் வளையம் ஒன்றை வரைவதுண்டு. இடுப்பு வரை மட்டும் தெரியுமாறு விட்டால் அதற்கு மேலே புதிய தலை ஒன்றை வரைந்தும் விடும். உருவம் முழுவதும் மறைக்கப்பட்டிருந்தால், அவர் நின்ற இடத்தின் பின்னே தடையற்ற வானம் கிடைக்கும். கீழ்ப்பகுதியில் வரையப்படும் வயலை நாம் பயன்படுத்தப் போவதில்லை. எனவே அது எப்படி இருப்பினும் கவலை இல்லை.

மனிதர் மேல் விழும் ஒளிக்கு வானம் பணிய வேண்டும்

மனிதரை மாற்றுவதில்லை என்று உறுதி கொண்டபின், அவர் மேல் விழும் ஒளியையும் மாற்ற இயலாது. ஆகவே எந்த வானம் பொருந்தும் என்பதை அவர் உருவமே தீர்மானிக்கிறது. இதற்குச் சான்று அவருடைய நிழல்.

நம் படத்தில் நிழல் வலப்புறம் நோக்கிச் சமதரையில் கிடக்கிறது. அதன் விளிம்பு கூர்மையாக உள்ளது. உருவத்தின் உயரம் 2000 புள்ளி, நிழலின் நீளம் 1150 புள்ளி. நிழல் ஏறத்தாழப் பக்கவாட்டில் விழுவதால் இந்த இரு அளவுகளையும் நேராக ஒப்பிடலாம். 2000-ஐ 1150-ஆல் வகுக்க 1.74 கிடைக்கிறது, அது 60 பாகைக் கோணத்தின் தொடுகோட்டு மதிப்பாகும். எனவே சூரியன் அடிவானத்திலிருந்து 60 பாகை உயரத்தில் இடப்புறமாக நின்றது என்பது தெளிவு. கேமராவை நோக்கியோ கேமராவை விட்டு விலகியோ நிழல் விழும் படங்களில் அதன் நீளம் குறுகித் தோன்றும். அங்கு இக்கணக்கு பிழைபடும்.

படத்தில் வானம் எவ்வளவு உயரம் வரை தெரிகிறது என்பதையும் காண்போம். 36 × 24 மில்லிமீட்டர் அளவுள்ள உணர்தளத்துடன் 35 மில்லிமீட்டர் வில்லை பயன்படுத்தப்பட்டிருந்தால், மேலும் கீழுமாகப் படத்தில் அடங்கும் கோணம் ஏறத்தாழ 38 பாகை. அடிவானம் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருப்பதால், அதற்கு மேல் சுமார் 25 பாகை வானமே படத்தில் உள்ளது. 60 பாகையில் நிற்கும் சூரியன் இந்தச் சட்டத்துக்குள் வர இயலாது.

இவ்விரண்டு கணக்குகளிலிருந்தும் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஆக்கப்படும் வானத்தில் சூரியன் தெரியக் கூடாது. அந்திச் சிவப்பும் கூடாது. நிழல் கூர்மையாக இருப்பதால் வானம் முழுவதும் மூடிய மழைமுகிலும் பொருந்தாது; மூடிய வானத்தின் கீழ்க் கூரிய நிழல் விழுவதில்லை. முகில்களின் இடப்பக்கமும் மேற்பக்கமும் ஒளிர்ந்திருக்க, வலப்பக்கமும் அடியும் சற்று மங்கியிருத்தல் வேண்டும். ஆகவே படவாக்கிக்குத் தரும் விவரிப்பில், 'உச்சிக்கு அண்மையில் இடப்புறச் சூரியன், சட்டத்துள் சூரியன் இல்லை, சிதறிய வெண்குவி முகில்கள், அடிவானத்தருகே வெளிறிய மூட்டம்' என்று குறிப்பிடுதல் தகும். படவாக்கி இவற்றை எல்லாம் கைக்கொள்ளும் என்பதற்கு உறுதியில்லை. பத்து வானங்கள் ஆக்கி, இச்செய்திகளுக்கு முரணானவற்றை நீக்கி, எஞ்சியவற்றுள் ஒன்றைத் தேர்வது வழக்கம்.

அடிவானத்தருகே மூட்டம் வேண்டும் என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. தொலைவிலுள்ள வேப்ப மரங்களுக்கும் கேமராவுக்கும் இடையே உள்ள காற்று, பழைய வானத்தின் வெளிர் நிறத்தை அம்மரங்களின் மீது ஏற்கெனவே பூசியிருக்கிறது. அவற்றின் பின்னே அடர்நீலம் வந்தால், மரங்கள் கத்தரித்து ஒட்டியவை போலத் தோன்றும். எனவே புதிய வானத்தின் அடிப்பகுதி படிப்படியாகப் பழைய வானத்தின் நிறத்தில் முடிவடைய வேண்டும். படவாக்கி அவ்வாறு தராவிடில், பட மென்பொருளில் அடிப்பகுதியை மெல்ல மெல்லப் பழைய நிறத்தோடு கலந்துகொள்ளலாம்.

முடி இழையில் உள்ள சிக்கல்

இனி, மாற்றாமல் வைத்தல் என்பதன் பொருளைச் சற்று நுணுகிப் பார்க்க வேண்டும். முகம், கை, சேலையின் உட்பகுதி ஆகியவற்றில் ஒவ்வொரு புள்ளியும் முழுவதும் அவருக்கே உரியது. ஆனால் காற்றில் பறக்கும் முடி இழை ஒரு புள்ளியை விட மெல்லியது. அவ்விடத்துப் புள்ளியின் எண்ணில் முடியின் பங்கும் உண்டு, பின்னாலிருந்த வானத்தின் பங்கும் உண்டு. அப்புள்ளியைத் தொடாமல் விட்டால் பழைய வானத்தையும் தொடாமல் விட்டதாகும்.

முன்னிருப்பதன் பங்கை ஆல்ஃபா என்பர்; முழுவதும் முடி எனில் 1, முழுவதும் வானம் எனில் 0. ஒரு சிறு கணக்கால் இதனை விளக்கலாம். சிவப்பு நிற எண்ணை மட்டும் கருதுவோம். முடியின் எண் 40. பழைய வானத்தின் எண் 240. ஓர் இழையின் மேல் உள்ள புள்ளியின் எண் 140 என்று காணப்படுகிறது. வானத்திலிருந்து அப்புள்ளி எவ்வளவு இறங்கியுள்ளது? 240 − 140 = 100. முழு முடியாயின் எவ்வளவு இறங்கியிருக்கும்? 240 − 40 = 200. ஆகவே ஆல்ஃபா 100/200 = 0.5. புள்ளியில் பாதி முடி, பாதி வானம்.

புதிய வானத்தின் சிவப்பு எண் அவ்விடத்தில் 120 என்க. புள்ளியை 140 ஆகவே விட்டுவிட்டால், கரிய முடி தன்னைச் சூழ்ந்த வானத்தை விட ஒளிமிக்கதாகத் தோன்றும். வானம் மாற்றப்பட்ட படங்களில் தலையைச் சுற்றிக் காணப்படும் வெண்ணிற ஓரம் இதுவே. சரியான எண்ணைப் பெறுவதற்கு, புள்ளியிலுள்ள வானத்தின் பங்கை மட்டும் மாற்ற வேண்டும்:

```
புதிய புள்ளி = பழைய புள்ளி + (1 − ஆல்ஃபா) × (புதிய வானம் − பழைய வானம்)
           = 140 + 0.5 × (120 − 240) = 80
```

முடியின் பங்கு இதில் மாறவில்லை. இழையின் பின்னிருந்த திரை மட்டும் மாறியது. ஆல்ஃபா 1 ஆகும் இடங்களில் பெருக்குத்தொகை 0 ஆதலால் புள்ளி அப்படியே நிற்கிறது. ஆல்ஃபா 0 ஆகும் இடங்களில் வானத்தின் பொது நிறம் மட்டும் மாறி, மூலப்படத்தில் இருந்த நுண்ணிய மணற்பாங்கு எஞ்சுகிறது. எனவே வழுவழுப்பான செயற்கை வானம் நிலத்தோடு ஒட்டாமல் நிற்கும் குறையும் தானே நீங்குகிறது. கேமராவின் கோப்பில் உள்ள எண்கள் ஒளியின் அளவோடு நேர் விகிதத்தில் அமைவன அல்ல. எனவே இக்கணக்கு தோராயமானதே. ஆயினும் சுவர்ப்பட வேலைக்கு இது போதும்.

வேலையின் படிகள்

முதலில் மூலக் கோப்பைத் திறந்து பி.என்.ஜி. வகைக் கோப்பாகச் சேமித்துக்கொள்க. ஜேபெக் வகையில் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் படம் முழுவதும் புதிதாகச் சுருக்கப்படுவதால், முகத்தின் எண்களும் மாறிவிடும். இறுதியில் அச்சகத்துக்கு அனுப்பும் வரை ஜேபெக் வகையைத் தவிர்த்தல் வேண்டும்.

இரண்டாவதாக ஆல்ஃபா படத்தை வரைய வேண்டும். மனிதர், வயல், மரங்கள் ஆகியவற்றின் உட்பகுதி வெள்ளை. ஐயத்திற்கிடமில்லாத வானம் கறுப்பு. முடியையும் இலைகளையும் ஒட்டிய குறுகிய பட்டையில் மட்டும் மேற்கூறிய வகுத்தல் கணக்கினால் இடைப்பட்ட சாம்பல் நிறத்தைப் பெற வேண்டும். நிறத்தைக் கொண்டு தானே தெரிவு செய்யும் வசதி பட மென்பொருள்களில் உண்டு. ஆனால் இப்படத்தில் சேலையும் வானமும் ஏறத்தாழ ஒரே நிறம் ஆதலால், அவ்வசதி சேலையையும் வானம் என்றே கொள்ளும். வகுத்தல் கணக்கும் அங்கு உதவாது. சேலையின் எண் 236, வானத்தின் எண் 240 எனின் வகுக்கும் தொகை வெறும் 4 ஆகிறது. கேமராவின் இயல்பான ஏற்ற இறக்கமே இரண்டு மூன்று அலகு இருக்கும்போது விடை பொருளற்றதாகும். சேலையின் விளிம்பைக் கையால் வரைந்து, ஓரிரு புள்ளி அளவுக்கு மென்மையாக்குவதே வழி.

மூன்றாவதாகப் பழைய வானத்தை மட்டும் தனிப்படமாக அமைக்க வேண்டும். மேலே ஓரிடத்திலும் அடிவானத்தருகே ஓரிடத்திலும் நிறத்தை அளந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சீராக மாறும் வண்ணப்பரப்பை வரைந்தால் போதும். நான்காவதாக, படவாக்கி தந்த வானத்தை 6000 × 4000 புள்ளிகளுக்குப் பெரிதாக்கி வைத்துக்கொள்க. நான்கு படங்களும் அளவில் ஒத்திருத்தல் இன்றியமையாதது.

பிறகு பைத்தான் மொழியில் கீழ்க்காணும் சில வரிகள் இணைப்பைச் செய்து முடிக்கும்:

```python
import numpy as np
from PIL import Image

def load(name, mode="RGB"):
    return np.asarray(Image.open(name).convert(mode)).astype("float32")

photo, old, new = load("photo.png"), load("oldsky.png"), load("newsky.png")
a = load("alpha.png", "L")[..., None] / 255

out = photo + (1 - a) * (new - old)
out = np.clip(np.rint(out), 0, 255).astype("uint8")
Image.fromarray(out).save("result.png")
```

இங்கு ஒரு மயக்கம் நேரக்கூடும். இவ்வரிகளில் வெள்ளை என்பது வைத்திருக்க வேண்டிய பகுதி. படவாக்கிகள் பலவற்றில் வெள்ளை என்பது மாற்ற வேண்டிய பகுதி. ஒரே மறைப்பை இரண்டிற்கும் தந்தால், வானம் அப்படியே நிற்க, நிலம் நிறம் திரிந்து கெட்டுவிடும்.

மாறவில்லை என்பதைச் சோதித்தல்

கண்ணால் பார்த்து மாறவில்லை என்று கூறுவது போதாது. சோதிப்பதற்கு இன்னொரு மறைப்பு வேண்டும். முகம், கழுத்து, கை, சேலை ஆகியவற்றின் உட்பகுதியை, விளிம்பைத் தொடாமல், வெள்ளையாக நிரப்பி `body.png` என்று சேமிக்க வேண்டும். வேலைக்குப் பயன்பட்ட ஆல்ஃபா படத்தையே சோதனைக்கும் பயன்படுத்தலாகாது. ஆல்ஃபா வரைந்தபோது தூரிகை முழு வலிமையோடு இல்லாமல், முகத்தின் மேல் 255-க்குப் பதிலாக 250 விழுந்திருந்தது எனக் கொள்வோம். அப்போது வானத்தின் பங்கு 5/255 ஆகிறது. வானத்தின் வேறுபாடு 110 எனின் முகத்தில் 2 அலகு மாறுதல் ஏற்படும். ஆல்ஃபா படத்தில் 255 ஆக உள்ள இடங்களை மட்டும் சோதித்தால் அம்முகம் சோதனைக்குள்ளேயே வராமல் தப்பிவிடும். தனியே வரைந்த மறைப்பு அதனைக் காட்டிக் கொடுக்கும்.

```python
res = load("result.png")
body = load("body.png", "L") == 255
print(np.abs(res - photo)[body].max())
```

விடை `0.0` என்று வர வேண்டும். அதாவது உடலின் உட்பகுதியில் ஒரு புள்ளியின் ஒரு நிறம் கூட ஓர் அலகும் மாறவில்லை. 1, 2, 3 போன்ற சிறு எண்கள் வந்தால் பெரும்பாலும் தூரிகையின் குறையே காரணம். ஆல்ஃபா படத்தின் உட்பகுதியை மீண்டும் முழு வெள்ளையால் நிரப்புக. பெரிய எண் வந்தால் மறைப்பு தலைகீழாக உள்ளதா, உடலில் எங்கேனும் ஓட்டை உள்ளதா என்று பார்க்க வேண்டும். படத்தை வேறொரு மென்பொருளில் திறந்து சேமித்த பின்பும் இச்சோதனையை ஒருமுறை செய்தல் நலம். பொலிவூட்டல், நிற மாற்றம் முதலியவற்றைச் சில மென்பொருள்கள் கேளாமலே செய்துவிடுகின்றன.

எண் சோதனைக்குப் பின் விளிம்புகளைப் பெரிதாக்கிக் கண்ணால் பார்க்க வேண்டும். முடியைச் சுற்றி வெளிர் ஓரம் இருந்தால் ஆல்ஃபா அங்கு மிகுந்துள்ளது. முடி இழைகள் அளவுக்கு மீறிக் கருத்துத் தோன்றினால் ஆல்ஃபா குறைந்துள்ளது. வேப்ப மரத்தின் இலை இடைவெளிகளில் பழைய சாம்பல் நிறம் புள்ளி புள்ளியாக எஞ்சியிருத்தலும் அடிக்கடி காணப்படும் பிழையாகும்.

இம்முறை பயன்படாத இடங்கள்

பழைய வானம் முற்றிலும் வெளிறி, மூன்று நிற எண்களும் 255 ஆகிவிட்ட படங்களில் இம்முறை முழுப் பயன் தராது. அவ்விடத்தில் வானத்தின் உண்மையான ஒளி கேமராவின் எல்லையைக் கடந்துவிட்டதால், முடி இழைகளில் வானத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட அடிப்படை இல்லை. மெல்லிய இழைகள் வெண்மையில் கரைந்து மறைந்தும் இருக்கும். பழைய வானத்தில் முகில்கள் இருந்தாலும் இடர் உண்டு. அவற்றின் வடிவம் புதிய வானத்தினூடே தெரியும். படம் எடுக்கும்போதே வானம் 240 அளவில் நிற்குமாறு ஒளியளவைச் சற்றுக் குறைத்து எடுப்பதே இவற்றிற்கு மாற்று.

மற்றோர் எல்லை படத்தின் பயனைப் பொறுத்தது. சுவர்ப்படத்திலும் பாடநூலிலும் பருத்தி பறித்தலைக் காட்டுவதற்கு இத்தகைய படம் தகும். பயிர்க் காப்பீட்டுக்கு இணைக்கும் படம், வெள்ளம் அல்லது வறட்சியின் பதிவு, முகில்களைக் கண்டறிந்து எழுதும் வானிலைக் குறிப்பு ஆகியவற்றில் வானமும் சான்றின் ஒரு பகுதியாகும். அங்கு அதனை மாற்றுதல் சான்றையே மாற்றுதலாகும். மாணவர்களுக்கு முகில் வகைகளைக் கற்பிக்கும் பாடத்திலும் ஆக்கப்பட்ட முகில் பயன்படாது. இயற்கையில் நிகழாத வடிவங்களைப் படவாக்கி வரையக்கூடும், அதனைக் கண்டறியும் அறிவையே மாணவர் அப்போதுதான் பெறத் தொடங்குகின்றனர்.

எனவே இணைத்த படத்தின் கீழே, 'மனிதரும் நிலமும் நிழற்படம். வானம் கணிப்பொறியால் ஆக்கப்பட்டது' என்று அச்சிட வேண்டும். மூலப்படத்தையும் ஆல்ஃபா படத்தையும் இணைத்த படத்தோடு சேர்த்துக் கோப்பில் வைத்திருத்தல் வேண்டும். அவை இருக்குமாயின், எத்தனை ஆண்டுகளுக்குப் பின் எவர் கேட்பினும், படத்தில் எது உண்மையாக அங்கு இருந்தது, எது பின்னர் சேர்ந்தது என்பதைப் புள்ளி புள்ளியாகக் காட்ட இயலும்.